ஒன்றைத் தாண்டிய அம்புகள்

எங்கள் வீட்டில் எது குறைந்தாலும் அது மூன்று சதவீதம்தான். டப்பாவில் சர்க்கரை குறைந்தால் மூன்று சதவீதம். துவைத்த துணியில் ஒரு சாக்ஸ் காணாமல் போனால் மூன்று சதவீதம். என் மாமியார் இயற்பியல் படித்தவர் இல்லை. ஆனால் மகனும் மருமகளும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஒரே சண்டையை நாலு வருஷம் சாப்பாட்டு மேஜையில் போட்டால் யாருக்குத்தான் மனப்பாடமாகாது? தினமும் சாதம் போடும்போது கேட்பார்.

"அந்த மூணு கெடச்சுதா?"

"இல்லம்மா" என்பார் என் வீட்டுக்காரர்.

"உங்க புள்ள ஸ்க்ரூவ ஒழுங்கா முடுக்கியிருந்தா கெடச்சிருக்கும், அத்தை" என்பேன் நான்.

விஷயம் இதுதான். எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஓர் அயனியைக் காற்றில்லாத அறைக்குள் மின்புலத்தால் பிடித்து வைத்திருக்கிறோம். அதைப் பிடித்து வைக்கும் பொறியைச் செய்தவர் என் வீட்டுக்காரர். எப்போதும் சட்டைப் பையில் திருப்புளியோடு திரிவதால் ஆய்வகத்தில் அவர் பெயர் ஸ்க்ரூ. அந்த அயனிதான் எங்கள் க்யூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. அதை ஒரு நிலையில் தயார் செய்கிறோம். தயாரானது நாம் நினைத்த நிலைதானா என்று அளந்து பார்க்கிறோம். அளப்பது என் வேலை. என்னை எல்லோரும் அக்கா என்பார்கள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள் உட்பட. பயம்தான் காரணம் என்று கேள்வி.

க்யூபிட்டின் நிலையை ஓர் அம்பாக நினைத்துக்கொள்ளலாம். உருண்டை ஒன்றின் நடுவில் கிளம்பி ஏதோ ஒரு பக்கம் பார்க்கிற அம்பு. குறையே இல்லாத நிலை என்றால் அம்பின் நீளம் சரியாக ஒன்று. இரைச்சல் கலந்தால் அம்பு குட்டையாகும். ஒன்றைவிட நீளமாக இருக்கவே முடியாது. ஆனால் அந்த அம்பை யாரும் நேராகப் பார்க்க முடியாது. லேசரைப் போட்டால் அயனி ஒளிரும், அல்லது இருட்டாக இருக்கும். ஆம், இல்லை. அவ்வளவுதான் பதில். கேட்ட மாத்திரத்தில் நிலை கலைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தயார் செய்துதான் அடுத்த கேள்வி.

ஆகவே எக்ஸ் திசையில் நூறு முறை கேட்போம். பிறகு ஒய் திசையில் நூறு, இசட் திசையில் நூறு. நூறில் எழுபத்தொன்பது ஆம், இருபத்தொன்று இல்லை என்றால், வித்தியாசம் ஐம்பத்தெட்டு. அந்தத் திசையில் அம்பின் பங்கு 0.58. மூன்று பங்கையும் சேர்த்தால் அம்பு கிடைத்துவிடும். இதற்கு டோமோகிராஃபி என்று பெயர். முந்நூறு கேள்வி ஒரு தொகுதி. லேசர் கொஞ்சம் கொஞ்சமாக நகரும் என்பதால் ஒவ்வொரு தொகுதிக்குப் பிறகும் அதைச் சரிசெய்துகொண்டு அடுத்த தொகுதி. இப்படி ஆயிரக்கணக்கில்.

கணக்குப்படி எங்கள் நிலை, நினைத்த நிலையோடு 99.5 சதவீதத்துக்கு மேல் பொருந்த வேண்டும். அம்பு குட்டையாகி, வருவதோ 96.4. நடுவில் மூன்று சதவீதம் காணோம். இதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். என் முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாவது அத்தியாயமே அதுதான்: விளக்கப்படாத இழப்பு. ஆய்வகத்தில் அதற்கு அக்கா இழப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த இழப்பைத் தேடி என் வீட்டுக்காரர் பொறியை மூன்று முறை பிரித்துக் கட்டினார். முதல் முறை மின்முனைகளை மாற்றினார். இரண்டாம் முறை வெற்றிட அறையையே மாற்றினார். அந்த அறையை ஒன்பது நாள் சூட்டிலேயே வைத்து உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்ற வேண்டும்; பக்கத்தில் ஆள் இருந்து அளவு பார்க்க வேண்டும். அந்த ஒன்பது நாளுக்குள்தான் அவர் தங்கையின் கல்யாணம் வந்தது. ஒரே தங்கை. இவர் கல்யாணத்தில் இருந்தது இரண்டு மணி நேரம். போட்டோவில்கூட இல்லை. அதற்குப் பிறகு அவள் அண்ணனோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. மூன்றாம் முறை லேசர் பாதையை மொத்தமாகப் பிரித்தார். 96.3 வந்தது 96.4 ஆனது.

ஆய்வகத் தலைவர் பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஒரு தேதி உண்டு. "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு உக்காந்து பேசிடலாம்" என்றார். "தொண்ணூத்தொம்போது தாண்டலன்னா, பொறிய வெளியிலேருந்து வரவழைக்கலாம்னு இருக்கேன்." வெளியிலிருந்து பொறி வந்தால் பொறி செய்கிறவருக்கு இங்கே என்ன வேலை? என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் நான்கூட ஸ்க்ரூவைப் பற்றிப் பேசவில்லை.

புதன்கிழமை காலை கணினி அறையிலிருந்து போன் வந்தது. ஆய்வகத்தின் சேமிப்பு வட்டுகளை மேய்க்கும் அம்மாள். எல்லோரும் டிஸ்க் மேடம் என்போம்.

"அக்கா, டிஸ்க் நெறஞ்சு வழியுது. உங்க பேர்ல குப்பைன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. அழிச்சுடலாமா?"

"தாராளமா அழிங்க. பேரே குப்பைதானே?"

"எதுக்கும் ஒரு வார்த்தை கேக்கணும்ல. அது சின்னதா இருந்தா கேட்டிருக்க மாட்டேன். உங்க நல்ல ஃபோல்டர் அளவுக்கு இருக்கு இது."

"எது அளவுக்கு?"

"பாதிக்குப் பாதி. நல்லது ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணு ஃபைல், தொகுதிக்கு ஒண்ணு. குப்பை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொம்போது. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சரின்னு ஒரு மெயில் போடுங்க. அழிச்சுடறேன்."

போனை வைத்த பிறகும் அந்தப் பாதி காதிலேயே நின்றது.

அந்தக் குப்பை நான் வைத்ததுதான். மாணவியாக இருந்தபோது அளவீட்டு நிரலை நான்தான் எழுதினேன். இன்றுவரை ஆய்வகமே அதைத்தான் பயன்படுத்துகிறது. அதில் ஒரு வரி உண்டு. ஒரு தொகுதியைக் கணக்கிட்டு அம்பின் நீளம் ஒன்றைத் தாண்டினால், அந்தத் தொகுதியைக் குப்பையில் போடு. ஒன்றைத் தாண்டிய அம்பு இயற்கையில் கிடையாது. கிடையாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு நடக்காத கதை சொல்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. எண்களானால் என்ன, ஆட்களானால் என்ன.

காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். நூறு முறை கேட்டால் எழுபத்தொன்பது ஆம் வர வேண்டிய இடத்தில் சில சமயம் எழுபத்தைந்து வரும், சில சமயம் எண்பத்து மூன்று வரும். நாலு முன்னே பின்னே. அது யார் தப்பும் இல்லை, நூறு என்பது அவ்வளவுதான் சொல்லும். ஒரு தொகுதியில் 79, 80, 82 என்று வந்தால் அம்பின் நீளம் 1.05. நிலை கெட்டுப்போய் அல்ல. எண்ணிக்கை கொஞ்சம் மேலே துள்ளியிருக்கிறது. இன்னொன்றில் 77, 76, 74 என்று வந்தால் நீளம் 0.89. இது கொஞ்சம் கீழே துள்ளியது. முதலாவதைக் குப்பையில் போட்டேன். இரண்டாவதை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அப்படியே. மேலே துள்ளியதை எல்லாம் எறிந்துவிட்டுக் கீழே துள்ளியதை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால் அம்பு குட்டையாக வராமல் வேறென்ன வரும்?

அம்பு உண்மையிலேயே நாங்கள் சொல்லிவந்த அளவுக்குக் குட்டை என்று வைத்துக்கொண்டு, குப்பைக்கு எத்தனை போக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஐந்தில் ஒன்று. போயிருப்பதோ பாதி. பாதி போக வேண்டுமானால் அம்பின் நீளம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். அதேதான் வந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நேராக மேலே பார்க்கும் நிலையை எங்கள் ஆய்வகத்தில் யாரும் சோதனைக்கு எடுப்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: நேரா நிக்கிறத அளக்காதே, அக்காவோட நிரல் கோவிச்சுக்கும். பத்துத் தொகுதி கொடுத்தால் ஏழைத் தூக்கி எறிந்துவிடும். காரணம் இப்போதுதான் புரிந்தது: அந்த அம்புக்கு ஒரே திசையில் நீளம் நிறைந்துவிடும், மற்ற இரண்டில் கொஞ்சம் துள்ளினாலே ஒன்றைத் தாண்டிவிடும். ஆகவே மூன்று திசைக்கும் நடுவில் சாய்ந்து பார்க்கிற அம்பையே எல்லோரும் அளப்போம். இதில் கூத்து என்னவென்றால், ஏன் கோபித்துக்கொள்கிறது என்று ஐந்து வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. நிரலை எழுதியவளிடம் கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

குப்பையும் நல்லதுமாக நாலாயிரம் தொகுதியையும் ஒன்றாகக் கொட்டினேன். ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனி அம்பு வரையாமல், முதலில் எல்லா எண்ணிக்கையையும் கூட்டினேன். ஒரு திசைக்கு நாலு லட்சம் கேள்வி. கடைசியில் ஒரே ஓர் அம்பு. பொருத்தம் 99.61 சதவீதம். பிழை, கூடக் குறைய 0.07.

தலைவர் கேட்டது தொண்ணூற்றொன்பது. என் வீட்டுக்காரரின் பொறி எப்போதோ தேறிவிட்டது.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். படவில்லை. என் ஐந்தாவது அத்தியாயம் என்ன ஆவது? அக்கா இழப்பு என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. அது அயனியில் இல்லை, மின்முனையில் இல்லை, லேசரில் இல்லை. நான் எழுதிய ஒரே ஒரு வரியில் இருந்தது. அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் டிஸ்க் மேடத்திடமிருந்து மெயில் வந்தது. அழிக்கலாமா, ஆம் அல்லது இல்லை. ஆம் என்று இரண்டு எழுத்து அடித்தால் போதும். குப்பை போய்விடும். யாரும் எதையும் திரும்ப எண்ண முடியாது. என் பட்டம் என்னோடு இருக்கும், என் வீட்டுக்காரர் வேறு வேலை தேடுவார், நான் ஆறுதல் சொல்வேன். ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு நிமிஷம் என்றால் நாற்பது நிமிஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. பிறகு இல்லை என்று அடித்தேன்.

வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் கூடிப் பேசிக் கணக்கை மாற்றினார்கள் என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். நாலு வருஷமாக வாய்க்கு வந்தபடி பேசிய வாய் திறக்கவில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. தலைவர், நான், என் வீட்டுக்காரர். மேஜைமேல் மூன்று கண்ணாடிக் குவளை, ஒரு தண்ணீர் ஜாடி. வீட்டுக்காரர், போகச் சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பேனாவோடு வந்திருந்தார்.

"சார், பொறி சரியாத்தான் இருக்கு. நிரல்தான் தப்பு" என்றேன். "நான் எழுதினது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் என்னை எப்போதும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். "டாக்டர், தப்பா நெனைக்காதீங்க. இன்னைக்கு, இந்த மீட்டிங்ல, இவருக்காக..."

"அப்படித்தான் கேப்பீங்கன்னு தெரியும். அதனால நான் எதையும் காட்டப் போறதில்ல. நீங்களே செஞ்சு பாருங்க." கணினியை அவர் பக்கம் திருப்பினேன். "நம்ம அயனியே வேணாம். குறையே இல்லாத ஒரு அம்பை வெச்சு கம்ப்யூட்டரே ஆம், இல்லன்னு பதில் போடும். நீளத்துக்கு ஒண்ணுன்னு அடிங்க. அந்தப் பதிலை அப்படியே என் பழைய நிரல்ல விடுங்க."

அவர் ஒரு விரலால் அடித்தார். காத்திருந்தார்.

"தொண்ணூத்தாறு புள்ளி அஞ்சு" என்றார்.

"குறையே இல்லாததுக்கு."

"ம்."

"நம்ம பொறிக்குத் தொண்ணூத்தாறு புள்ளி நாலு வருது சார். இந்த நிரல்கிட்ட கடவுளே வந்தாலும் அதுக்கு மேல பாயிண்ட் ஒண்ணுதான் வாங்க முடியும்."

தலைவர் சும்மா விடுகிறவர் இல்லை. "தொகுதிக்கு நூறுக்குப் பதிலா ஆயிரம் எண்ணினா?"

"போட்டுப் பாருங்க."

போட்டார். 98.9 வந்தது. நெற்றியைச் சுருக்கினார்.

"நிஜமான இழப்பா இருந்தா நூறுக்கும் ஆயிரத்துக்கும் மாறக் கூடாது சார். நாம எத்தனை எண்ணறோம்னு அயனிக்கு என்ன தெரியும்? எண்ணிக்கை கூடினா முன்னே பின்னே துள்றது கொறையும். துள்றது கொறைஞ்சா நான் தூக்கி எறியறதும் ஒண்ண ஒட்டியே இருக்கும். இழப்பும் சுருங்கிடும். இது அயனியோட இழப்பு இல்ல. என்னோடது."

அந்த வரியை அவரே நீக்கினார். குறையில்லாத அம்புக்கு நூறு சதவீதம் வந்தது, பிழைக்குள். பிறகு எங்கள் நாலாயிரம் தொகுதி. 99.61, கூடக் குறைய 0.07.

"அப்போ உங்க ஆராய்ச்சி... அந்த அஞ்சாவது அத்தியாயம்?"

"இல்ல சார். திருத்தம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பறேன். அவங்க என்ன செய்யறாங்களோ செய்யட்டும்."

"சரிம்மா" என்றார் தலைவர். என்னை அம்மா என்றது அன்றைக்குத்தான் முதல் முறை. பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "பொறி இங்கேயே இருக்கட்டும். நீங்களும்தான்."

என் வீட்டுக்காரர் பேனாவைப் பையில் வைத்தார். திருப்புளிக்குப் பக்கத்தில். நடைபாதையில் எனக்கு முன்னால் நடந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வேலை நிலைத்த மனுஷன் இப்படியா வருவான் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. என்மேல்தான்.

சாப்பாட்டு மேஜையில் மாமியார் வழக்கம்போல் கேட்டார்.

"அந்த மூணு கெடச்சுதா?"

"கெடச்சுது அத்தை" என்றேன். "என்கிட்டதான் இருந்துச்சு."

மாமியார் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அம்பு, நூறு கேள்வி, குப்பை, எல்லாம். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ. "அப்போ ஸ்க்ரூ?" என்று மட்டும் கேட்டார்.

"ஸ்க்ரூ சரியாத்தான் இருந்துச்சு அத்தை. நான்தான் நாலு வருஷமா அநியாயமாப் பேசிட்டேன். என்னை மன்னிச்சுடுங்க" என்று அவரிடம் சொல்வதுபோல் இவரிடம் சொன்னேன்.

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"மொதல் பொறி எவ்வளவு?"

இதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமையே தெரியும். முதல் பொறி என்றால் அவர் ஒன்றையும் மாற்றுவதற்கு முன்னால் செய்தது. என் ஆராய்ச்சியின் தொகுதிகள் எல்லாம் அதில் எடுத்தவை. அதன் குப்பையும் என்னிடம் இருந்தது. அதையும் கூட்டிப் பார்த்திருந்தேன். தொண்ணூற்றெட்டு என்று சொல்லிவிட்டால் என்ன? மூன்று முறை பிரித்துக் கட்டியது வீண் போகவில்லை என்று அந்த மனுஷன் நிம்மதியாகச் சாப்பிடுவார். யார் சரிபார்க்கப் போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பிடிக்காத எண்ணை எறிந்துவிட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

"தொண்ணூத்தொம்போது புள்ளி நாலு மூணு" என்றேன். "அப்போ தொள்ளாயிரம் தொகுதிதான் எடுத்தோம். அதனால பிழை கொஞ்சம் அதிகம். பாயிண்ட் ஒண்ணு நாலு."

"இப்போ பாயிண்ட் ஆறு ஒண்ணு."

"ஆமா."

"வித்தியாசம் பாயிண்ட் ஒண்ணு எட்டு. அதோட பிழை?"

"பாயிண்ட் ஒண்ணு ஆறு."

அவருக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வித்தியாசமும் பிழையும் ஒரே அளவு. பொறி மாறியதா இல்லையா என்று அந்த எண்களை வைத்துச் சொல்லவே முடியாது. முதல் நாளே தேறிய பொறியை மூன்று முறை பிரித்துக் கட்டியிருக்கிறார்.

"அப்போ அந்த ஒம்போது நாள்..." என்றார்.

மாமியார் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார். சொம்பு நிறைந்த பிறகும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. இவர் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், என் எதிரில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் தன் போனை எடுத்து, ஓர் எண்ணைத் தேடி, என் முன்னால் மேஜைமேல் வைத்தார். இரண்டு வருஷமாக அவர் கூப்பிடாத எண்.

"நான் கூப்பிட்டா எடுக்க மாட்டா" என்றார். "நீ சொல்லு. இப்போ எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு."

"உங்க போன்லேருந்து கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாளே."

"உன்னோடதுல போடு."

போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"அண்ணி? என்ன இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றேன். மூக்கை உறிஞ்சினேன். "உன் கல்யாணத்துல உங்க அண்ணன் ஏன் ரெண்டு மணி நேரத்துல கெளம்பினாருன்னு ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்சம் நேரமாகும். கணக்கு வரும்."

வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.

எதிரே இவர் திருப்புளியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். சமையலறையில் குழாய் நின்றுவிட்டது.

"ஒரு அயனிகிட்ட நூறு தடவை ஒரே கேள்வியைக் கேக்கறோம்னு வெச்சுக்கோ" என்று ஆரம்பித்தேன்.